மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்தால்: கணைய அழற்சி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணையம்னா என்ன? கல்லீரல், கிட்னியெல்லாம் தெரியும், இது எங்கே இருக்குன்னே தெரியலையே?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு அது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர், எடை 100 கிராமுக்குள். இன்சுலின் சுரப்பது அதன் ஒரு வேலை. இன்னொன்று, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குச் செரிமான நீரைச் சுரந்து, ஒரு சிறு குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புவது.

இந்த நீரில்தான் விஷயம் இருக்கிறது. கறியையும் கொழுப்பையும் கரைக்கக்கூடிய நொதிகள் அதில் உண்டு. கணையத்துக்குள் இருக்கும்வரை அவை தூங்கும் நிலையில் இருக்கும், குடலுக்குப் போன பிறகுதான் விழித்துக்கொள்ளும். ஏதோ ஒரு காரணத்தால் உள்ளேயே விழித்துக்கொண்டால், சாப்பாட்டைச் செரிக்க வேண்டிய நீர் கணையத்தையே செரிக்கத் தொடங்கிவிடும். திடீர் கணைய அழற்சி என்பது இதுதான். இந்தப் பக்கத்தில் பேசுவதெல்லாம் திடீரென்று வரும் இந்த வகையைப் பற்றி. நாள்பட்ட வகை கடைசிக் கேள்வியில் மட்டும் வருகிறது.

வயித்துல ஆரம்பிச்ச வலி முதுகுக்கு ஏன் போகுது?

கணையம் வயிற்றின் முன்பக்கத்து உறுப்பு அல்ல. குடலைச் சுற்றியிருக்கும் உறைக்கும் பின்னால், முதுகுச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அதற்கு நேர் பின்னால் ஒரு பெரிய நரம்புப் பின்னல் இருக்கிறது. கணையம் வீங்கி, அதிலிருந்து கசியும் நீர் அந்த இடத்தை எரிக்கும்போது, தொப்புளுக்கு மேலே தொடங்கும் வலி ஆணி அடித்தது போல நேராக முதுகுக்குப் பாயும். சிலருக்கு இடுப்பு வாரை இறுக்கிக் கட்டியது போல இரண்டு பக்கமும் சுற்றிக்கொள்ளும்.

மல்லாந்து படுத்தால் வலி கூடுவதும், தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைவதும் இதனால்தான். ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் வலி முதுகுக்குப் போகிறது. முதுகு வலிக்கவில்லை, அதனால் கணையம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எனக்கு அடிக்கடி கேஸ் டிரபிள் வரும். இது அதுவா கணையமான்னு வீட்டுலயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகப்பட முடியும், அது போதும்.

கேஸ்டிரிக் வலி பெரும்பாலும் எரிச்சலாக இருக்கும், வந்து வந்து போகும். ஜெலுசில் மாதிரி ஒரு மருந்தோ நல்ல ஏப்பமோ அரைமணி நேரத்தில் ஏதாவது மாற்றம் தரும். கணைய வலி அப்படியல்ல. அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்றுவிடும். ஏற்ற இறக்கம் இருக்காது. வாந்தி எடுப்பார், ஆனால் எடுத்த பிறகும் வலி ஒரு துளியும் குறையாது. வாந்தி எடுத்தால் ஆறிப்போகும் வலியையும், எடுத்தும் ஆறாத வலியையும் பிரித்துப் பார்ப்பது வீட்டில் செய்யக்கூடிய நல்ல சோதனை. பித்தப்பைக் கல் வலியும் இதே இடத்தில் கடுமையாக வரும். ஆனால் அது சில மணி நேரத்தில் முழுசாக அடங்கிவிடும். ஐந்து, ஆறு மணி நேரம் தாண்டியும் நின்றால் அது வெறும் கல் வலி இல்லை.

நடைமுறையில் பிடித்துக்கொள்ள வேண்டியது இது: மேல்வயிற்றில் கடும் வலி ஒரு மணி நேரமாக விடாமல் இருந்து, கூடவே வாந்தியும் இருந்தால் ஆஸ்பத்திரி. வியர்த்துக் கொட்டினாலோ, நெஞ்சு, தாடை, இடது கை என்று வலி பரவினாலோ அந்த ஒரு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக வேடம் போடும். அதனால்தான் வயிற்று வலி என்று போனவருக்கு முதலில் ஈசிஜி எடுக்கிறார்கள். ‘வயித்துக்கு எதுக்கு ஈசிஜி’ என்று சண்டை போட வேண்டாம்.

குடிச்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வலி வந்துச்சு. அப்போ குடியால இருக்காதுல்ல?

குடியால் வருவது பெரும்பாலும் அப்படித்தான் வரும். அளவுக்கு மீறிக் குடித்த அன்றைக்கே வலி வர வேண்டும் என்பதில்லை. ஒரு நாளிலிருந்து மூன்று நாள் கழித்து, பல சமயம் குடியை நிறுத்திய பிறகு தொடங்கும். சனி, ஞாயிறு குடித்தவருக்குத் திங்கள் இரவு வலி வந்தால், ‘இன்னைக்குத் தொடவே இல்லையே’ என்று அவரே நம்பிக்கொண்டு, கடைசியாகச் சாப்பிட்ட பரோட்டாவின் மேல் பழியைப் போடுவார். மருத்துவரிடமும் அதையே சொல்வார். கடந்த ஒரு வாரக் கணக்கைச் சொல்லுங்கள்.

தினமும் ஒரு குவார்ட்டர்தான் சாப்பிடுவாரு. அதுக்கெல்லாமா வரும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 180 மில்லி, 42.8 சதவீதச் சரக்கு. அதில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். தினமும் 50 கிராமுக்கு மேல், ஐந்து வருடத்துக்கு மேல் என்பதுதான் கணைய அழற்சியோடு வருபவர்களிடம் வழக்கமாகக் காணும் அளவு. ஆக, ‘ஒரு குவார்ட்டர்தான்’ என்பது ஏற்கெனவே கோட்டைத் தாண்டிய அளவு. 650 மில்லி ஸ்டிராங் பீர் 8 சதவீதம் என்றால் 41 கிராம் வருகிறது. இரண்டு பாட்டில் பீர் ஒரு குவார்ட்டரைவிட அதிகம்.

இப்படிக் குடிக்கிற எல்லாருக்கும் வருவதில்லை, நூற்றில் சிலருக்குத்தான் வருகிறது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. சிகரெட்டும் சேர்ந்தால் வாய்ப்பு ஏறுகிறது. குடிக்காமல் சிகரெட் மட்டும் பிடிப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. காஸ்ட்லி சரக்கு கணையத்தைக் கெடுக்காது என்பது வெறும் பேச்சு. எந்த லேபிள் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் ஆல்கஹால் ஒன்றே.

எங்கம்மா வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்லை. அவங்களுக்கு எப்படி வந்துச்சு?

பித்தப்பைக் கல்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியது. கல்லீரலிலிருந்து வரும் பித்தக் குழாயும் கணையக் குழாயும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே வாய் வழியாகச் சிறுகுடலில் திறக்கின்றன. பித்தப்பையிலிருந்து நழுவிய கல் அந்த வாயில் மாட்டிக்கொண்டால், கணைய நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, முதல் பதிலில் சொன்ன வேலை தொடங்கிவிடும். கல் சில மணி நேரத்தில் தானாக நழுவிக் குடலுக்குள் போய்விடலாம். ஆனால் பற்றிய நெருப்பு பற்றியதுதான்.

பெரிய கல்லுக்குப் பயப்படுவதும் சின்னக் கல்லை விட்டுவிடுவதும் வழக்கம். இந்த நோயைப் பொறுத்தவரை அது தலைகீழ். இரண்டு சென்டிமீட்டர் கல் பித்தப்பையை விட்டு நகராது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களும் பித்தச் சேறும்தான் குழாயில் இறங்குகின்றன. எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கல்லை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு தடவை வலி கொடுத்துவிட்ட கல் விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது.

கல்லும் இல்லை, குடியும் இல்லை என்றால் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 1000 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறதா, கால்சியம் கூடியிருக்கிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்ப்பார்கள்.

ராத்திரி நேரம், காலைல பார்த்துக்கலாமே? ஒரு ராத்திரியில என்ன ஆயிடப் போகுது?

கெட்டுப்போவதில் பாதி அந்த ஒரு ராத்திரியில்தான் ஆகிறது. அழற்சி தொடங்கியதும் ரத்தக் குழாய்களின் சுவர் சல்லடையாகிவிடும். அதன் வழியாக ரத்தத்தின் நீர், கணையத்தைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் கசிகிறது, லிட்டர் கணக்கில். வாந்தியில் போவது வேறு. வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே உடம்பு வற்றுகிறது. ரத்தம் கெட்டியாகிறது, சிறுநீரகத்துக்கு ஓட்டம் குறைகிறது. கணையத்துக்குள் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் அடைபடுகின்றன. அப்படி ரத்தம் போகாத பகுதி அழுகத் தொடங்கினால், பிறகு எவ்வளவு டிரிப் ஏற்றினாலும் அது உயிர்பெறாது.

மாதிரிக்கு ஒரு கணக்கு. 60 கிலோ எடை, 42 வயது. திங்கள் இரவு 8 மணிக்கு வலி. பாண்டோபிரசோல், பன்னீர் சோடா, ஓமத் தண்ணீர். 11 மணிக்குப் பக்கத்து மெடிக்கலில் வலி ஊசி, கொஞ்சம் மந்தம். விடிய விடிய வாந்தி. செவ்வாய் காலை 7 மணிக்கு ஆஸ்பத்திரி. நாடி 124, ரத்த அழுத்தம் 90/60, இரவு முழுக்க ஒரே தடவை, தேநீர் நிறத்தில் சிறுநீர். ரத்தம் எவ்வளவு கெட்டி என்று காட்டும் பி.சி.வி. 50 சதவீதம். அதுவே 44-ஐத் தாண்டினால் எச்சரிக்கை மணி. இதே ஆள் திங்கள் இரவு 10 மணிக்கே வந்திருந்தால் நாடி 100-க்குப் பக்கத்திலும், அழுத்தம் சரியாகவும், சிறுநீரகம் வேலை செய்துகொண்டும் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நோய் அதேதான், சிகிச்சை தொடங்கும் இடம் வேறு.

சரியாகச் சொல்ல வேண்டும் என்றால், ஐந்தில் நான்கு பேருக்கு இது லேசாகவே வந்து ஒரு வாரத்தில் அடங்கிவிடும். நேரத்தோடு வந்தும் கடுமையாகப் போகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த ஐந்தாவது ஆள் யார் என்பது முதல் ராத்திரியில் மருத்துவருக்கே தெரியாது. அதனால்தான் எல்லாரையும் உள்ளே வைத்துப் பார்க்கிறார்கள்.

கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுல என்ன பண்ணணும், என்ன பண்ணக்கூடாது?

வாய் வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். சோடா, மோர், இளநீர், கஷாயம் எதுவும் வேண்டாம். வாந்திதான் கூடும். வலிக்குக் காரணம் கணையம் இல்லாமல் குடல் ஓட்டையாக இருந்தால் அறுவைக்கு வெறும் வயிறு தேவைப்படும். டைக்குளோஃபினாக் மாதிரி வலி ஊசியை மெடிக்கலில் போட்டுக்கொள்ளாதீர்கள். உடம்பு வற்றியிருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தை நேராக அடிக்கும். அதைவிடப் பெரிய கெடுதல், வலி கொஞ்சம் மந்தமானதும் காலை வரை தள்ளிப்போடுவது.

படுக்கவைக்காமல் முன்னால் சாய்ந்து உட்கார வையுங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள், வழியில் மயங்கினால் பிடிக்க முடியாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. அருகில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது என்றால் அங்கே ஈசிஜியும் முதல் டிரிப்பும் தொடங்கிவிட்டு மேலே அனுப்புவார்கள். ஆனால் போய்ச் சேர வேண்டிய இடம் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஸ்கேனும் உள்ள ஆஸ்பத்திரி. அது மாவட்டத் தலைமை மருத்துவமனையாகவோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகவோ இருக்கலாம்.

ஒரு துண்டுச் சீட்டில் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: வலி தொடங்கிய நேரம், கடைசியாகக் குடித்த நாளும் அளவும், கடைசியாகச் சிறுநீர் போன நேரம், சாப்பிட்டு வரும் மாத்திரைகள். பழைய வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘பித்தப்பையில் கல்’ என்று அதில் ஒரு வரி இருந்தால் மருத்துவரின் பாதி யோசனை முடிந்துவிடும்.

லைபேஸ் 2000-ன்னு வந்திருக்கு. ரொம்ப மோசமா? சி.டி. ஏன் உடனே எடுக்கலை?

லைபேஸ், அமைலேஸ் இரண்டும் கணையத்தின் நொதிகள். கணையம் கசியும்போது ரத்தத்தில் ஏறும். இயல்பின் மேல்வரம்பைப்போல் மூன்று மடங்கைத் தொட்டால் கணைய அழற்சிக்குச் சாதகமான சான்று. உங்கள் லேபின் வரம்பு 60 என்றால் 180. அதற்கு மேல் 500 இருந்தாலும் 2000 இருந்தாலும் நோயின் கடுமை அதிலிருந்து தெரியாது. 2000 வந்தவர் நாலாம் நாள் வீட்டுக்குப் போவதும், 400 வந்தவர் ஐ.சி.யூ.வில் கிடப்பதும் உண்டு. அந்த எண்ணைத் தினமும் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. இரண்டில் லைபேஸ் மேல். அமைலேஸ் மூன்று, நான்கு நாளில் இறங்கிவிடும், தாமதமாக வந்தவருக்கு இயல்பாகக் காட்டி ஏமாற்றும். லைபேஸ் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும்.

இந்த நோய்க்குரிய வலி, மூன்று மடங்கு நொதி, படத்தில் தெரியும் வீக்கம். மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதி. முதல் இரண்டும் இருக்கும்போது சி.டி. புதிதாக எதுவும் சொல்லாது. கணையத்தில் எந்தப் பகுதி அழுகியிருக்கிறது என்பது மூன்று நாள் கழித்துத்தான் சி.டி.யில் தெளிவாகத் தெரியும். முதல் நாள் எடுத்தால் ‘லேசான வீக்கம்’ என்று வந்து எல்லாரையும் நிம்மதியாகத் தூங்கவைத்துவிடும். நோய் இதுதானா என்பதிலேயே சந்தேகம் இருந்தால் மட்டும் உடனே எடுப்பார்கள். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மட்டும் முதல் நாளே வேண்டும். அது கணையத்துக்காக அல்ல, பித்தப்பைக் கல்லுக்காக. குடிப்பவர் என்றாலும் அந்த ஸ்கேனை விடக்கூடாது, இரண்டு காரணமும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

வெறும் டிரிப் ஏத்துறதுக்கா அட்மிஷன்? ஆன்டிபயாட்டிக்கூட போடலையே?

கணையத்துக்குள் விழித்துக்கொண்ட நொதியைத் திரும்பத் தூங்கவைக்க மருந்து கிடையாது. கசிந்துபோன நீரைத் திரும்பக் கொடுத்து, உறுப்புகளைத் தாங்கிப் பிடித்து, அழற்சி தானாக அடங்கும்வரை ஆளைக் காப்பதுதான் சிகிச்சை. ஆக, அந்த ‘வெறும் டிரிப்’தான் மருந்து. மேலே சொன்ன 60 கிலோ ஆளுக்குக் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்: உடம்பு வற்றியிருப்பதால் முதலில் கிலோவுக்கு 10 மில்லி, அதாவது 600 மில்லி ரிங்கர் லாக்டேட். பிறகு மணிக்குக் கிலோவுக்கு 1.5 மில்லி, அதாவது 90 மில்லி. ஒரு நாளில் இரண்டே முக்கால் லிட்டர். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பார்த்து இதைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

முன்பு இதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஏற்றினார்கள். 2022-இல் வெளியான ஓர் ஆய்வில் வேகமாக ஏற்றியவர்களில் 20 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் மிஞ்சிப்போனது, மிதமாக ஏற்றியவர்களில் 6 சதவீதம்தான். நோயும் வேகமாக ஏற்றியதால் லேசாகவில்லை. அளவு சரியா என்று சொல்வது சிறுநீர். மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லி, நம் ஆளுக்கு 30 மில்லி. ஆறு மணி நேரத்தில் 180 மில்லி, சரியாக ஒரு குவார்ட்டர் பாட்டில் அளவு. கூட இருப்பவர் அதைக் கொட்டிவிடாமல் நர்ஸ் அளக்கும்வரை வைத்திருப்பது பெரிய உதவி.

ஆன்டிபயாட்டிக் தேவையில்லாததால்தான் போடவில்லை. முதல் வாரத்தில் எரிவது நொதியால், கிருமியால் அல்ல. முன்னெச்சரிக்கையாகப் போடுவதால் பின்னால் தொற்று குறைவதில்லை. பித்தக் குழாயில் சீழ் பிடித்திருந்தால் அது வேறு கதை. அப்போது போடுவார்கள். வலிக்கு மட்டும் தாராளமாக வலுவான ஊசி கேட்கலாம். வலியை அடக்கினால் நோய் மறைந்துபோகும் என்ற பயம் நோய் உறுதியான பிறகு தேவையில்லை.

சாப்பாடு குடுக்காம பட்டினி போட்டா கணையத்துக்கு ஓய்வு கிடைக்கும்னு சொல்றாங்களே?

அது பழைய வழக்கம். ஒரு வாரம் வாயைக் கட்டியவர்களுக்குக் குடலின் உள்தோல் நலிந்து, அங்கிருக்கும் கிருமிகள் கணையத்தை நோக்கி நகர வழி கிடைத்தது. இப்போது லேசான நோயில் வாந்தி நின்று, பசிக்கிறது என்று நோயாளி சொன்னால் 24 மணி நேரத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். தண்ணீர், கஞ்சி என்று படிப்படியாக ஏற வேண்டியதும் இல்லை. இட்லி, குழைந்த ரசம் சாதம், ஆடை எடுத்த மோர் என நேராகத் தொடங்கலாம். தேங்காய்ச் சட்னியும் நெய்யும் மட்டும் வேண்டாம். லைபேஸ் இறங்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சாப்பிட்டு வலி திரும்பினால் நிறுத்திவிட்டு மறுநாள் முயல்வார்கள். மூன்று, நான்கு நாளாகியும் முடியவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய். குடும்பத்தார் அதைப் பார்த்து அழுவார்கள். ஆனால் ரத்தக் குழாய் வழியாக ஊட்டம் கொடுப்பதைவிட அது பாதுகாப்பானது.

வீட்டிலிருக்கும்போது எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது நோய் இன்னதென்று தெரியாத நேரத்துக்கு. இது தெரிந்த பிறகு.

குடிச்சதைச் சொல்லாம விட்டா என்ன? சொன்னா திட்டுவாங்க, மானம் போகும்.

தினமும் குடிப்பவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் குடியும் அன்றோடு நிற்கிறது. 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. வலிப்பும் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாததைப் பார்த்து, டிரிப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து ஓடுவார்கள். இது உயிரை எடுக்கக்கூடிய நிலை. முன்பே தெரிந்தால் அதற்கு மருந்து கொடுத்துத் தடுத்துவிடலாம். தயமின் என்ற பி1 வைட்டமினையும் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே ஊசியாகப் போடுவார்கள். தெரியாவிட்டால் நடுக்கத்தையும் நாடி வேகத்தையும் பார்த்து, கணையம்தான் மோசமாகிறது என்று தப்பான பக்கம் தேடுவார்கள். நோயாளி சொல்லத் தயங்கினால் மனைவியோ அண்ணனோ தனியாக நர்ஸிடம் சொன்னால் போதும்.

மோசமாகுதுன்னு எப்படித் தெரியும்? ஐ.சி.யூ.வுக்கு ஏன் மாத்துனாங்க?

மூச்சு, சிறுநீர், ரத்த அழுத்தம். இந்த மூன்றில் ஒன்று சரிந்து 48 மணி நேரத்துக்கு மேலும் மீளாமல் நின்றால் அது கடுமையான கணைய அழற்சி. அதில் இறப்பு மூன்றில் ஒருவரை நெருங்கும். கூட இருப்பவர் கவனிக்கக்கூடியவை: மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவது, பெயர் கேட்டால் தடுமாறுவது, சிறுநீர்ப் பையில் அளவு ஏறாமல் நிற்பது, வயிறு உப்பிக் கல்லாவது. தொப்புளைச் சுற்றியோ விலாவுக்குக் கீழோ நீலம் பாய்வது கெட்ட அறிகுறிதான், ஆனால் அரிது. அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

ஆபத்து இரண்டு கட்டமாக வரும். முதல் வாரத்தில் உறுப்புகள் சோர்வது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில், தேறிக்கொண்டிருந்தவருக்குத் திரும்பக் காய்ச்சல் வருவது. அழுகிய கணையத்தில் தொற்று ஏறியிருக்கலாம் என்று அர்த்தம். இப்போதுதான் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை. ‘உடனே அறுத்து எடுத்துடுங்க’ என்று குடும்பத்தார் கேட்பார்கள். அழுகியதும் நல்லதும் பிரிந்து சுவர் கட்ட ஏறக்குறைய நான்கு வாரம் பிடிக்கும். அதற்கு முன் கைவைத்தால் ரத்தம் கொட்டும். முடிந்தவரை காத்திருப்பதும், முடியாதபோது முதலில் குழாய் போட்டுச் சீழை வடிப்பதும்தான் முறை.

பித்தப்பைக் கல்லுதான் காரணம்னுட்டாங்க. வலி போயிடுச்சே, ஆபரேஷனை அடுத்த மாசம் வெச்சுக்கலாமா? வாழைத்தண்டு சாறு குடிச்சா கரையாதா?

வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்கு என்று சொல்லப்படுவது. பித்தக் கல் பெரும்பாலும் கொலஸ்டிராலும் நிறமியும் சேர்ந்தது, சிறுநீர் அந்தப் பக்கமே போவதில்லை. சாறு குடித்தால் கெடுதல் இல்லை. அதை நம்பித் தள்ளிப்போட்டால்தான் கெடுதல்.

நோய் லேசாக இருந்தால், வீட்டுக்குப் போவதற்கு முன் அதே அட்மிஷனிலேயே பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது. நெதர்லாந்தில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஒரு மாதம் கழித்து எடுக்கலாம் என்று அனுப்பியவர்களில் 17 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் பித்தக் கல் தொந்தரவு திரும்பியது. உடனே எடுத்தவர்களில் அது 5 சதவீதம். கணையம் அழுகிய கடும் நோயில் மட்டும் வீக்கமும் நீரும் வற்றச் சில வாரம் பொறுப்பார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்கும் ஈ.ஆர்.சி.பி. எல்லாருக்கும் தேவையில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், மஞ்சள் காமாலை சேர்ந்து வந்தால் மட்டும் அது அவசரம், 24 மணி நேரத்துக்குள். அதைச் செய்தாலும் பித்தப்பை ஆபரேஷன் மிச்சம் இருக்கிறது. கல் உற்பத்தியாகும் இடம் அதுதான்.

நல்லாயிட்டாரு. இனிமே பீர் மட்டும், எப்பவாவது குடிக்கலாமா?

பீர் கணக்கை மேலே பார்த்தோம். குடியால் ஒருமுறை வந்தவருக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. சிகரெட்டும் சேர்த்து நிறுத்த வேண்டும். இதை ‘கன்ட்ரோல்’ என்று சொல்லி அனுப்பினால் பலனில்லை. வீட்டுக்குப் போகும் முன்பே போதை மீட்பு மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. மறுபடி மறுபடி வந்தால் கணையம் சுருங்கித் தழும்பாகி நாள்பட்ட வகையாக மாறும். அதன் பிறகு குடியை நிறுத்தினாலும் இழந்தது திரும்பாது.

டிஸ்சார்ஜ் ஆன சில மாதங்களில் ஒருமுறையும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையும் சர்க்கரை பாருங்கள். இன்சுலின் சுரக்கும் பகுதியும் அழிந்திருக்கலாம். மலம் வெளிறி, எண்ணெய் மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு, எடையும் குறைந்தால் கொழுப்பு செரிக்கவில்லை என்று பொருள். அதற்குக் கணைய நொதி மாத்திரை உண்டு. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாலோ பின்னாலோ போட்டால் சரியாக வேலை செய்யாது, முதல் வாய்ச் சோற்றோடும் நடுவிலும் பிரித்துப் போட வேண்டும்.